பதினான்கு நாள் விலை

பேராக்கில் கூரை மாற்றும் வேலைக்குக் கொட்டேஷன் எழுதுவதில் கடினமான பகுதி விலை அல்ல. தகரம் என்ன விலை, ஆளுக்குக் கூலி என்ன, லாரி எவ்வளவு கேட்கும் என்பது தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த விலை என்றைக்கு வரை நிற்கும், எதைப் பார்த்துச் சொன்னது, எதைப் பார்க்காமல் சொன்னது என்கிற இரண்டு மூன்று வரிகளில்தான் ஆட்டம் இருக்கிறது. அந்த வரிகள் பெரும்பாலும் தாளின் அடியில், சின்ன எழுத்தில், வேறு யாரோ எழுதியதைப் பார்த்துப் படியெடுத்தவையாக இருக்கின்றன. சின்னக் காண்ட்ராக்டர்கள் பலருடைய தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணத்தகராறுகளில் பெரும்பாலானவை அந்த அடிவரிகளில் பிறந்தவை.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பேசினால்தான் விளங்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பாதி நிலம் வீடமைப்புக்குப் போய்விட்டது. லயங்கள் இடிந்துவிட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, அதன் பக்கத்தில் அறுபதடிக்கு முப்பதடியில் ஒரு மண்டபம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. மழைக்கு நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது. தைப்பூசத்துக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று நிர்வாகம் நினைக்கிறது. அக்டோபர் முதல் தேதி காண்ட்ராக்டர் இடத்தைப் பார்க்க வருகிறார்.

அளவு எடுப்பது சுலபம். நாலு பக்கமும் இரண்டடி இறவாணம் நீட்டினால் அறுபத்து நாலுக்கு முப்பத்து நாலு. கூரைச் சரிவு பதினைந்து பாகை என்று வைத்துக்கொண்டால், உச்சியிலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு பக்கமும் பதினேழரை அடிக்குச் சற்று மேல் வரும். மொத்தம் ஏறக்குறைய 2,250 சதுர அடி. தகரம் பதினெட்டு அடி நீளத்துக்கு வெட்டச் சொல்ல வேண்டும். இதுவரை எந்தத் தகராறும் இல்லை.

அளவு எடுத்து முடிப்பதற்குள் தலைவர் கேட்டுவிடுவார்: "தம்பி, சும்மா ஒரு கணக்குச் சொல்லுங்க, எவ்வளவு வரும்?" இங்கேதான் வாயைக் கட்ட வேண்டும். மண்டபத்து நிழலில் நின்று சொல்கிற எண் தாளில் வருகிற எண்ணைவிட நீண்ட நாள் வாழும். "இருபதுக்குள்ள முடிஞ்சிடும்னு சொன்னாரே" என்று பொருளாளர் மூன்று மாதம் கழித்தும் சொல்வார். "அளந்துட்டேன் ஐயா, ரெண்டு நாள்ல எழுத்துல தர்றேன்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. கேட்டவர் முகம் சுருங்கினாலும் பரவாயில்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாதது. மண்டபத்துக்கு உட்கூரை போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே மரச் சட்டங்கள். எத்தனை சட்டம் உளுத்திருக்கிறது, எத்தனையைக் கறையான் தின்றிருக்கிறது என்று கீழே நின்று சொல்ல முடியாது. ரப்பர் நிலத்துக்குக் கறையான் புதிதல்ல; மரம் போன பிறகும் மண்ணுக்குள் அது இருக்கும். உட்கூரையில் பலகை ஒன்றைக் கழற்றி, டார்ச் அடித்து, ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்கலாம். முனை வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அந்தச் சட்டம் போயிற்று. ஆனால் ஓர் ஓட்டையின் வழியே தெரிவது ஓர் ஓட்டையளவுதான்.

இந்தத் தெரியாமையை மூன்று விதமாக எழுதுகிறார்கள். சிலர் மொத்தத்தையும் ஊகித்து ஒரே தொகைக்குள் போட்டுவிடுவார்கள். மரம் நன்றாக இருந்தால் கோயிலுக்கு நட்டம், கெட்டிருந்தால் இவர்களுக்கு. சிலர் "மரவேலை சேர்க்கப்படவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்போது கூரையைத் திறந்த பிறகு, வானம் தெரிய நிற்கிற மண்டபத்தில் வைத்து விலை பேச வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பேரம் பேசக் கோயிலுக்கு வழியே இல்லை. கூரை இல்லாத மண்டபத்தை வைத்துக்கொண்டு யார் பேரம் பேசுவார்கள்? இந்த இரண்டாவது வழி சட்டப்படி சரிதான், நியாயப்படி சரியில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது வழியே நல்ல வழி. அளவையும் அலகு விலையையும் முன்பே எழுதுவது. "120 அடி நீளத்துக்குச் சட்டம் மாற்றுவது இந்த விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் தேவைப்பட்டால் அடிக்கு 9 ரிங்கிட். ஓடு இறக்கிய அன்றே நிர்வாகத்தில் ஒருவர் முன்னிலையில் அளந்து படம் எடுத்துக் கையொப்பம் வாங்கப்படும்." கூரையைத் திறந்தபோது முந்நூறு அடி கெட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 180 அடி, 1,620 ரிங்கிட். இரண்டு பக்கமும் அதைக் காகிதத்தில் பார்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அறுபது அடி மட்டுமே மாற்றினால் மிச்சம் அறுபது அடிக்கு 540 ரிங்கிட் கழிக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். இதைப் பலர் எழுதுவதில்லை. விலை ஏறுவதற்கு மட்டும் வாசல் வைத்திருப்பார்கள்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தனி வரி வேண்டும். ஓட்டை உடைத்துக் கீழே தள்ளினால் எழும் தூசியில் உள்ள நார் நுரையீரலுக்குள் போய்ப் பல ஆண்டு கழித்து நோயாகும். நனைத்து, உடைக்காமல் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி இறக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் நாரும் 2005ஆம் ஆண்டு பட்டியலிட்ட கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் வருகின்றன. உரிமம் பெற்றவர்தான் அவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். நாலு கொட்டேஷனில் ஒன்று மிக மலிவாக இருந்தால், பழைய ஓடு எங்கே போகிறது என்று கேளுங்கள். செம்பனைக்கு நடுவே உள்ள பழைய குழி ஒன்றுதான் பெரும்பாலும் பதில்.

இனி காலம்.

நம் வேலையின் தொகை 22,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் எடுத்துக்காட்டு எண்தான். இதில் தகரம் மட்டும் 9,000. தகரம் விற்கிற கடை அக்டோபர் 2ஆம் தேதி கொடுத்த விலைத்தாளில் ஏழு நாள் செல்லுபடி என்று இருக்கிறது. அதாவது 9ஆம் தேதி வரை. காண்ட்ராக்டர் 3ஆம் தேதி தன் தாளை அனுப்புகிறார். வழக்கம்போல் "14 நாள் செல்லும்" என்று போடுகிறார், 17ஆம் தேதி வரை. ஆக, 10ஆம் தேதியிலிருந்து 17 வரை அவர் விற்கிற விலை அவர் கையில் இல்லாத விலை. தகரம் பத்து சதவீதம் ஏறினால் 900 ரிங்கிட் அவருடைய பையிலிருந்து போகும். மொத்த வேலையில் அவருக்கு மிஞ்சுவது மூவாயிரம் என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தன் தாளின் ஆயுள் தன்னிடம் வந்த தாள்களில் மிகக் குறைந்த ஆயுளைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். தாண்டினால், தாண்டிய நாள்களுக்கு அவர் காண்ட்ராக்டர் இல்லை, சூதாடி.

இது ஏதோ பயமுறுத்தல் அல்ல. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே இரவில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்குப் போனது. அறிவிப்பு வந்தது முந்தின நாள். மானிய அட்டை வைத்திருந்த லாரிகளுக்கு விதிவிலக்கு இருந்தது. ஒற்றை லாரி வைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து தோட்டத்துக்குச் சாமான் ஏற்றுகிற பலர் அப்போது அட்டைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018இல் இதைவிட வேடிக்கை. ஜூன் முதல் தேதி ஜிஎஸ்டி ஆறிலிருந்து பூச்சியத்துக்கு இறங்கியது. செப்டம்பர் முதல் தேதி எஸ்எஸ்டி திரும்ப வந்தது. மே மாதம் "வரி உட்பட" என்று ஒற்றைத் தொகை எழுதியவர்கள், வரி போன பிறகு குறைத்துக் கொடுக்க வேண்டுமா என்று வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டினார்கள். வரியைத் தனி வரியாக எழுதியவர்களுக்கு அந்தச் சண்டை வரவில்லை.

செல்லுபடி நாளே எழுதாவிட்டால்? மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழி வந்தது. ஈப்போவில் இருப்பவருக்கும் மதுரையில் இருப்பவருக்கும் இந்த விஷயத்தில் 6ஆம் பிரிவு ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடுகிறது. குறித்த காலம் முடிந்தால் விலைமொழி செத்துவிடும். காலம் குறிக்காவிட்டால் நியாயமான காலம் கழிந்ததும் செத்துவிடும். நியாயமான காலம் என்பது எத்தனை நாள் என்று சட்டம் சொல்லாது. இங்கிலாந்தில் ராம்ஸ்கேட் விக்டோரியா ஓட்டல் வழக்கில் ஒருவர் ஜூன் மாதம் பங்கு வாங்க விண்ணப்பித்தார். ஓட்டல் கம்பெனி நவம்பரில்தான் ஒதுக்கீடு செய்தது. அவர் வேண்டாம் என்றார். 1866இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. விலை ஆடுகிற பொருளுக்கு நியாயமான காலம் குறுகும், நிலையான பொருளுக்கு நீளும் என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். நல்லது. இருபத்திரண்டாயிரம் ரிங்கிட் வேலைக்கு வழக்கறிஞரிடம் போகிறவர் யார்? ஒரு தேதி எழுதினால் தீர்ந்தது. "14 நாள்" என்றுகூட எழுதாமல், "அக்டோபர் 17 மாலை 5 மணி வரை" என்று எழுதினால், கடிதத் தேதியிலிருந்தா கைக்குக் கிடைத்த தேதியிலிருந்தா என்ற கேள்வியும் எழாது.

செல்லுபடித் தேதி வாங்குகிறவரைக் காக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ரௌட்லெட்ஜ் என்பவருக்கும் கிராண்ட் என்பவருக்கும் நடந்த 1828ஆம் ஆண்டு வழக்கில், ஒரு வீட்டுக்கு விலைமொழி கொடுத்தவர் ஆறு வாரம் திறந்திருக்கும் என்றார். ஆறு வாரம் முடியும் முன்பே திரும்பப் பெற்றார். திறந்து வைத்திருப்பதற்கு எதிராளி எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே திரும்பப் பெறலாம் என்றது நீதிமன்றம். நம் சட்டத்தின் 5ஆம் பிரிவும் அப்படித்தான்: எதிராளி சம்மதத்தை அனுப்பிவைக்கும் வரை விலைமொழியைத் திரும்பப் பெறலாம். ஆக, "அக்டோபர் 17 வரை" என்பது, அதற்குப் பிறகு என்னைக் கேட்காதே என்று உறுதியாகச் சொல்கிறது. அதற்கு முன் மாறமாட்டேன் என்பதை அது உறுதி செய்வதில்லை. அந்த இரண்டாவது பாதியைக் காப்பாற்றுவது ஊர். சுங்கை சிப்புட்டில் ஒரு கோயிலுக்குச் சொன்ன விலையைப் பத்தாம் நாள் ஏற்றியவருக்கு, கம்பாரில் உள்ள கோயில்வரை பெயர் போய்விடும். இங்கே நீதிமன்றத்தைவிடக் காப்பிக்கடை வலுவானது.

கோயில் பக்கத்துக் காலம் வேறு மாதிரி ஓடுகிறது. நிர்வாகக் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு. அக்டோபர் 3ஆம் தேதி வந்த தாள் அந்த மாதக் கூட்டத்தின் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம், நவம்பரில் வாசிப்பார்கள். ஒருவர் விலை அதிகம் என்பார். இன்னொருவர் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒதுக்கீடு கேட்கலாம் என்பார். பெரிய தொகை என்றால் பொதுக்கூட்டத்துக்குப் போகும். இந்த வேகத்துக்குப் பதினான்கு நாள் என்பது கேலி. அதனால் இரண்டு பக்கமும் ஒரு பொய்யைப் பழகிக்கொள்கின்றன: காண்ட்ராக்டர் 14 நாள் என்று எழுதுவார், கோயில் மூன்று மாதம் கழித்துக் கூப்பிடும், அவர் முணுமுணுத்துக்கொண்டே பழைய விலைக்குச் செய்வார், பிறகு தகரத்தின் கனத்தில் கைவைத்து நட்டத்தை ஈடுகட்டுவார். 0.42 மில்லிமீட்டர் என்று எழுதிய தகரம் 0.35ஆக வந்து இறங்கும். கீழே நின்று பார்க்கிறவருக்கு நிறம் ஒன்றுதான். மைக்ரோமீட்டர் வைத்து ஓரத்தைப் பிடித்தால் தெரியும். அப்போதும் எழுதிய கனம் பூச்சையும் வண்ணத்தையும் சேர்த்ததா, வெறும் எஃகா என்று தாளில் இருந்தால்தான் வாதாட முடியும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. சிலர் செய்கிறார்கள், நன்றாகவே நடக்கிறது. தாளை இரண்டு ஆயுளாகப் பிரிப்பது. கூலி, இறக்கும் செலவு, மரத்தின் அலகு விலை எல்லாம் டிசம்பர் 31 வரை மாறாது. தகரம் மட்டும் இன்றைய விலை 9,000 என்று காட்டி, கடையின் விலைத்தாளையும் பின்னால் இணைத்து, "ஆர்டர் கொடுக்கிற நாளில் கடை போடுகிற விலையே எடுக்கப்படும், ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் மட்டும் சேரும் அல்லது கழியும், பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம்" என்று எழுதுவது. கடைத்தாளைக் காட்டுவதற்குக் காண்ட்ராக்டர்கள் தயங்குவார்கள், லாபம் தெரிந்துவிடும் என்று. தெரியட்டுமே. லாபம் கூலியில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறவரிடம் கனத்தில் கைவைக்க வேண்டிய அவசியம் இருக்காது.

முன்பணமும் இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது. நாற்பது சதவீதம் என்றால் 9,000. சரியாகத் தகரத்தின் விலை. பதினெட்டு அடிக்கு வெட்டிய தகரத்தைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது, வேறு மண்டபத்துக்கும் பொருந்தாது. அந்த ஒரு பொருளின் ஆபத்து எவ்வளவோ அவ்வளவுதான் முன்பணமாக இருக்க வேண்டும். காரணத்தைப் பக்கத்தில் எழுதிவிட்டால், நாற்பதா ஐம்பதா என்ற பேரம் பாதியாகக் குறைந்துவிடும். மிச்சத்தில் நாற்பது பழைய ஓடு இறங்கிப் புதிய தகரம் ஏறிய அன்று, இருபது வேலை முடிந்து ஒரு மழை பார்த்த பிறகு. அக்டோபர், நவம்பரில் ஈப்போ வட்டாரத்தில் அந்த மழைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டாம். வேலை நாள்களை முன்பணம் வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், மழை நாள்களைக் கழிக்க வேண்டும். இதை எழுதாமல் தைப்பூசத்துக்கு முன் முடித்துத் தருகிறேன் என்று சொல்வது, மழைக்கும் சேர்த்து ஜாமீன் நிற்பது.

சம்மதம் எப்படி வருகிறது என்பதிலும் ஒரு சிக்கல். கூட்டம் முடிந்து செயலாளர் வாட்ஸப்பில் எழுதுவார்: "ஓகே அண்ணே, ஆரம்பிங்க. ஆனா இருபதுக்கு முடிச்சுக் குடுங்க." இது சம்மதம் அல்ல. சம்மதம் நிபந்தனையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. குறைத்துக் கேட்டது புதிய விலைமொழி. பழைய 22,500 அந்த நொடியில் போய்விட்டது. பிறகு "சரி, உங்க விலைக்கே செய்யுங்க" என்றாலும் அது தானாக உயிர்த்தெழாது. 1840இல் ஹைட் என்பவர் ஆயிரம் பவுனுக்குச் சொன்ன பண்ணையை 950க்குக் கேட்டு, மறுத்ததும் ஆயிரத்துக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றபோது இதைத்தான் கேட்க நேர்ந்தது. பேரம் பேசாமல் எதையும் வாங்கத் தெரியாத நமக்கு இந்தச் சட்டம் கொஞ்சம் அந்நியமாகத் தோன்றும். ஆனால் வாட்ஸப்பில் நடந்தது என்பதால் செல்லாது என்று யாரும் தப்பிக்க முடியாது. 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. ஆகவே தாளின் கடைசியில் ஒரு கையொப்ப இடம் விட்டு, "இந்த இடத்தில் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பி, முன்பணம் வந்து சேர்ந்தால் மட்டுமே வேலை உறுதி" என்று எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது.

யார் கையொப்பமிடுகிறார் என்பது தோட்டக் கோயில்களில் லேசான கேள்வி இல்லை. சங்கப் பதிவு இருக்கிறதா, நிர்வாகிகள் பெயர் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, மண்டபம் நிற்கிற நிலம் யாருடையது? பல கோயில்களுக்கு நிலப்பட்டா இல்லை. தோட்டக் கம்பெனி வாய்மொழியாக விட்டுக்கொடுத்த இடம், கம்பெனி கைமாறிய பிறகு புது முதலாளியின் இடம். பாதிக் கூரை ஏறிய பிறகு பாதுகாவலர் வந்து வேலையை நிறுத்தச் சொன்னால் தகரத்துக்கு யார் பொறுப்பு? "நில உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வாடிக்கையாளர் பொறுப்பு, அதன் நகல் முன்பணத்தோடு தரப்பட வேண்டும்" என்ற வரி அதற்குத்தான். இதை எழுதும்போது காண்ட்ராக்டரின் கை கொஞ்சம் கூசும். தாத்தா காலத்தில் நட்ட கோயிலுக்கு அனுமதிக் கடிதம் கேட்பதா என்று. கேட்கத்தான் வேண்டும். கூரை போடுவதற்கு முன்னால் நிர்வாகம் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள இந்த வரி ஒரு காரணமாக அமையலாம்.

ஒதுக்கீடு கேட்டு மனுப் போடும்போது மூன்று கொட்டேஷன் வைக்கச் சொல்கிறார்கள். நிர்வாகம் மனத்துக்குள் ஒருவரை முடிவு செய்துவிட்டு, மற்ற இருவரையும் தாளுக்காகக் கூப்பிடுகிறது. அந்த இருவரும் வந்து, ஏணி போட்டு, உட்கூரையைக் கழற்றி, கடையில் விலை கேட்டு, இரவில் உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வராது. இதனால்தான் நல்ல காண்ட்ராக்டர்கள் பலர் கோயில் வேலை என்றால் இடத்தைப் பார்க்காமலே பழைய தாளில் பெயரை மாற்றி அனுப்பப் பழகிவிட்டார்கள். அந்தத் தாளை நம்பி மண்டபம் கட்டுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். நிர்வாகத்தில் இருக்கிற ஐயாமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூன்றாவது தாளுக்காகக் கூப்பிடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லியே கூப்பிடுங்கள். வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், செல்லுபடித் தேதி முடிவதற்குள் மற்றவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.